மணமகளின் வறண்ட உதடு: பளபளப்பைக் காத்துச் செய்த ஒரு ரீடச்சிங், நிகழ்வு ஆய்வு

திருப்பரங்குன்றத்தில் தை மாதம் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்துக்காக இந்தப் படம் என்னிடம் வந்தது. மணமகளின் முகம், தோள் வரை. முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்தின் மணமகள் அறையில் எடுத்தது. இடப்பக்கம் ஒரு சாஃப்ட்பாக்ஸ், வலப்பக்கச் சுவரில் எரிந்துகொண்டிருந்த ஒரு எல்.இ.டி. ட்யூப் லைட், அரக்குச் சிவப்பில் கூறைப்பட்டு, தலை நிறைய மல்லிகை. படம் நன்றாகவே வந்திருந்தது. உதடு மட்டும்தான் வம்பு செய்தது.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. விடியற்காலைப் பனிக்காற்று, அறையில் ஓடிய ஏ.சி., முகூர்த்தம் முடியும்வரை வாயில் தண்ணீர் படாத விரதம், இத்தனைக்கும் மேல் பூசிய உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் மேட் லிப்ஸ்டிக். பதற்றத்தில் மணமகள் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருப்பாள்; அந்த ஈரம் காயும்போது உதடு முன்பைவிடக் கூடுதலாக வறளும். தை, மாசி முகூர்த்தப் படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

இந்தப் படத்தை ஏற்கெனவே வேறொரு இடத்தில் ஒருமுறை சரிசெய்து, வீட்டார் ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஸ்டுடியோ அண்ணன் இரண்டு கோப்புகளையும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வறட்சி தெரியக் கூடாது என்று கேட்டது அவர்கள்தான். செய்து கொடுத்ததும், இது எங்கள் பிள்ளையின் வாயே இல்லை என்கிறார்கள். பொண்ணு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது: புதிதாக லிப்ஸ்டிக் பூசிய மாதிரி ஆக்கிவிட வேண்டாமாம்.”

அந்தப் பெண் கேட்டது நியாயம். ஆல்பத் தாள் 12-க்கு 36 அங்குலம். அதன் ஒரு பக்கத்தில் இந்தப் படம் 12 அங்குல உயரத்துக்கு நிற்கப்போகிறது. படத்தின் உயரம் 6000 பிக்சல், அதில் வாயின் அகலம் ஏறக்குறைய 800 பிக்சல். அச்சில் அது 4 சென்டிமீட்டர் வரும், அதாவது நிஜ உதட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஆல்பத்தை மடியில் வைத்து ஒன்றரை அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உதட்டின் ஒவ்வொரு ரேகையும் தெரியும். ரேகை இல்லாவிட்டால் அதுவும் தெரியும்.

முதல் முயற்சி ஏன் தோற்றது

திரும்பி வந்த கோப்பை நூறு சதவீத அளவில் திறந்தபோதே காரணங்கள் தெரிந்தன. கீழுதட்டின் வலப்பாதியில் கன்னத்துத் தோலின் நுண்துளைகள் இருந்தன. உதட்டுத் தோலில் அப்படிப்பட்ட துளைகள் கிடையாது. அங்கே இருப்பவை நெடுக்கு வாக்கில் ஓடும் மெல்லிய ரேகைகள் மட்டுமே. கன்னத்தில் மாதிரி எடுத்து உதட்டில் ஒட்டியிருக்கிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் கண் சொல்லிவிடும்.

இரண்டாவது, மங்கலாக்கியது. படத்தை நிறம்–ஒளி ஒரு லேயர், நுண்விவரம் ஒரு லேயர் என்று பிரித்து வேலை செய்யும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறை நம் தொழிலில் எல்லாருக்கும் கைப்பழக்கம். கன்னம், நெற்றிக்கு அது அருமையான முறை. உதட்டில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. உதட்டின் பளபளப்பு என்பது சிறிய, கூர்மையான, மிகப் பிரகாசமான ஒளித்துண்டுகள். பிரிக்கும்போது அந்தத் துண்டுகளில் பாதி நுண்விவர லேயரில் போய் உட்காரும், பாதி கீழே தங்கும். கீழ் லேயரை மங்கலாக்கினால் பளபளப்பின் அடித்தளம் கரைந்து நாலாபுறமும் வெளிறிய வட்டமாகப் பரவும். மேல் லேயரில் வறட்சியைத் துடைத்தால் பளபளப்பின் கூர்மையும் சேர்ந்து போகும். மிஞ்சுவது மெழுகு உதடு.

மூன்றாவதுதான் வீட்டாரை முகம் சுளிக்க வைத்தது என்று நினைக்கிறேன். உதடு முழுவதையும் ஒரே ரோஸ் நிறத்தால் Color முறையில் மூடியிருந்தார்கள். சாஃப்ட்பாக்ஸின் வெள்ளை ஒளி கீழுதட்டில் பட்டுத் தெறித்த இடமும் ரோஸ் நிறமாகிவிட்டது. ஈரமான பரப்பில் தெறிக்கும் ஒளிக்கு உதட்டின் நிறம் இருக்காது, விளக்கின் நிறம்தான் இருக்கும். கண்ணின் கருமணியில் தெரியும் வெள்ளைப் புள்ளி கண்ணின் நிறத்தில் இல்லாததும் அதனால்தான். அந்த ஒளியில் நிறம் ஏறிவிட்டால் உதடு பிளாஸ்டிக்காகத் தெரியும்.

எனவே கெட்ட கோப்பைத் திருத்தாமல், மூல ரா கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

உதட்டில் உண்மையில் என்ன இருந்தது

வேலையைத் தொடங்குமுன் உதட்டை நிறமில்லாமல் பார்ப்பது என் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயர் போட்டு, அதில் Reds அளவை நன்றாகக் குறைத்தேன். உதடு கறுத்துப் போகும். அதன் மேலுள்ள வெள்ளை எல்லாம் துருத்திக்கொண்டு தெரியும். இது பார்ப்பதற்கான லேயர் மட்டும், முடிவில் அழித்துவிட வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது, ‘வறட்சி’ என்று வீட்டார் ஒரே சொல்லில் சொன்னது மூன்று தனித்தனி விஷயங்களாகப் பிரிந்தது. காய்ந்து தூக்கிக்கொண்டு நிற்கும் தோலின் வெளிறிய செதில்கள், பெரும்பாலும் கீழுதட்டின் நடுவில். அதே இடத்தில் இரண்டு கறுத்த வெடிப்புகள். மேட் லிப்ஸ்டிக் அவற்றுக்குள் இறங்கித் தங்கியதால் இன்னும் ஆழமாகத் தெரிந்தன. மூன்றாவது, பளபளப்பின் உடைசல்: கீழுதட்டின் இடப்பாதியில் ஒளி ஒரு பட்டையாக ஓடுகிறது, வலப்பாதியில் அதே பட்டை பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடக்கிறது. கண் வறட்சி என்று படிப்பது பெரும்பாலும் இந்த உடைசலைத்தான்.

இவை தவிர மற்ற ரேகைகள் எல்லாம் அவளுடைய உதட்டுக்கே உரியவை. அவற்றில் எதையும் தொடக் கூடாது. ஆகவே எங்கும் மங்கலாக்கும் வேலையே இல்லை. சில புள்ளிகள் தேவைக்கு மேல் வெளுத்திருக்கின்றன, சில தேவைக்கு மேல் கறுத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

செதிலும் வெள்ளை, பளபளப்பும் வெள்ளை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் கை வைத்தால் மொத்தமும் கெடும். நான் நம்பும் சோதனை நீலச் சேனலில் இருக்கிறது. Channels பலகையில் Blue-ஐ மட்டும் திறந்து பார்க்க வேண்டும். பளபளப்பு விளக்கின் வெள்ளை என்பதால் மூன்று சேனல்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசமாக இருக்கும். இந்தப் படத்தில் அது 240, 232, 228 என்று காட்டியது. செதில் தோல்தானே, அதில் தோலின் வெதுவெதுப்பான சாயல் தங்கியிருக்கும். இங்கே 206, 172, 164. எனவே நீலச் சேனலில் செதில் மங்கி அடங்கிவிடும், பளபளப்பு மட்டும் தனித்து நிற்கும். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு: செதிலின் ஒரு விளிம்பின் கீழ் மயிரிழை போல நிழல் இருக்கும். பளபளப்புக்கு நிழல் கிடையாது.

வெள்ளைச் சமன்: உதட்டைத் தொடுமுன்

உதட்டின் நிறம் சரியில்லை என்று வரும் படங்கள் பலவற்றில் நிறம் சரியில்லாதது மொத்தப் படத்துக்கும்தான். அதை ரா நிலையிலேயே சரிசெய்யாவிட்டால், விளக்கின் குற்றத்துக்கு உதட்டைத் தண்டிப்பதாக முடியும். கல்யாணப் படத்தில் வெள்ளைச் சமன் எடுக்க நம் ஆட்கள் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டு வேட்டி வெள்ளை அல்ல, சந்தன வெண்மை. அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் முகமெல்லாம் நீலம் பூத்துவிடும். மல்லிகையும் அப்படித்தான், மொட்டில் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். நல்லவேளையாக, இதே விளக்கில் எடுத்த முந்தைய படத்தில் போட்டோகிராபர் சாம்பல் அட்டை ஒன்றை மணமகள் கையில் கொடுத்து எடுத்திருந்தார். அந்த அளவை இங்கே கொண்டுவந்தேன். அதிலேயே உதட்டின் பாதிச் சோகை போய்விட்டது.

ரா நிலையில் Texture, Clarity இரண்டையும் உதட்டில் குறைக்கும் குறுக்குவழி கையை இழுக்கும். செய்யவில்லை. அவை செதிலையும் பளபளப்பையும் பிரித்துப் பார்க்காது.

செதிலும் வெடிப்பும்

படத்தை 16 பிட்டில் ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுவந்து, காலி லேயர் ஒன்று போட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை Darken என்று வைத்தேன். குளோன் ஸ்டாம்ப், மாதிரி எடுப்பது Current & Below. பிரஷின் அளவு செதிலைவிடச் சற்றே பெரியது, கடினம் 50 சதவீதம் அளவில், ஒப்பாசிட்டி 60. Darken லேயரில் ஒட்டுவது, கீழே உள்ளதைவிடக் கறுப்பாக இருக்கும் இடத்தில் மட்டுமே தெரியும். அதாவது வெளிறிய செதில் மட்டும் அடங்கும். அதன் பக்கத்திலுள்ள இருண்ட ரேகை அப்படியே நிற்கும். பிரஷ் கொஞ்சம் தவறிப் போனாலும் ரேகை அழியாது.

இங்கே ஒரு நுட்பம் பலருக்குத் தவறுகிறது. கலப்பு முறையைப் பிரஷின் மேல்பட்டியில் வைத்துவிட்டுக் காலி லேயரில் வேலை செய்தால் அது பலிக்காது. காலி லேயரில் ஒப்பிட்டுப் பார்க்கப் பிக்சல் எதுவும் இல்லாததால் பிரஷ் சாதாரணமாகத்தான் ஒட்டும். முறையை லேயருக்கே வைக்க வேண்டும்.

மாதிரி எங்கிருந்து எடுப்பது என்பது அதைவிட முக்கியம். உதட்டு ரேகைகள் நடுவில் செங்குத்தாகவும், ஓரம் போகப் போகச் சாய்ந்தும் விசிறி போல விரியும். நடுவிலுள்ள செதிலை மூட ஓரத்துச் சாய்ந்த ரேகையைக் கொண்டுவந்தால், அந்த ஒரு துண்டு மட்டும் எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கும். எனவே மாதிரியை அதே உதட்டில், அதே சாய்வில், நாலைந்து ரேகை தள்ளி மட்டும் எடுத்தேன். உதட்டின் எல்லைக்கோட்டுக்கு அருகே ஹீலிங் பிரஷைத் தொடவே இல்லை. அது சுற்றியுள்ள நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் கருவி. எல்லையில் பயன்படுத்தினால் தோல் நிறம் உதட்டுக்குள் கசிந்து கோடு கலங்கிவிடும். உதட்டின் நடுப்பகுதியில், எல்லையிலிருந்து விலகி, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெடிப்புகளுக்கு இரண்டாவது லேயர், இந்த முறை Lighten. அதே குளோன் ஸ்டாம்ப். வெடிப்பின் அகலம் ஐந்தாறு பிக்சல்தான். முழுதாக மூடிவிட்டு, லேயரின் ஒப்பாசிட்டியை 55-க்கு இறக்கினேன். வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு சாதாரண ரேகை மிஞ்சியது. முழுதாக அழித்திருந்தால் அந்த இடம் மட்டும் உப்பலாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் பக்கத்து ரேகைகளுக்கெல்லாம் நிழல் இருக்கிறதே.

இந்தக் கட்டம் முழுவதும் 200 சதவீத அளவில் வேலை செய்து, அடிக்கடி 50-க்கு இறங்கிப் பார்த்தேன். 400, 500 என்று பெரிதாக்கி உட்கார்ந்தால் எல்லா ரேகையும் வெடிப்பாகத் தெரியும், கை நிற்காது.

பளபளப்பைச் சேர்த்துவைத்தல்

செதில்கள் அடங்கியதும் வலப்பாதியின் ஒளிப்பொட்டுகள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தன. முன்பு செதில்களோடு கலந்து இரைச்சலாக இருந்தவை, இப்போது பனித்துளி சிதறியதுபோல் தெளிவாக நின்றன. அவற்றைச் சேர்ப்பதுதான் மொத்த வேலையின் உயிர்.

புதிய பளபளப்பை வரைவதை நான் ஏற்பதில்லை. விளக்கு எங்கே இருந்தது, உதடு எங்கே மேடாக எழும்புகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் பளபளப்பின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. கேமரா பதிவு செய்த பொட்டுகள் அந்த இடத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டன. நாம் செய்யக்கூடியது பொட்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கொஞ்சம் நிரப்புவது.

Curves லேயர் ஒன்றில் நடுப்பகுதியைச் சற்று ஏற்றி, அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கினேன். ரேகை ஒன்றின் அகலத்துக்கு மேல் போகாத மெல்லிய பிரஷ், ஃப்ளோ 6 சதவீதம். பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையில், உதட்டின் மேட்டை ஒட்டி, வெள்ளையால் மெதுவாகத் தடவிக்கொண்டு போனேன். ஒவ்வொரு ரேகையின் பள்ளத்திலும் பிரஷைத் தூக்கிவிட்டேன். ஆரோக்கியமான உதட்டிலும் ஒளிப்பட்டை ரேகைப் பள்ளங்களில் மெல்ல அறுபட்டு அறுபட்டுத்தான் ஓடும். அந்த அறுபடல் இல்லாமல் ஒரே கோடாக இழுத்தால் கண்ணாடிக் குழாய் போலாகிவிடும்.

இந்த ஏற்றத்தில் ஒரு பக்கவிளைவு உண்டு. Curves ஏற்றிய இடம் பிரகாசமாகும், ஆனால் உதட்டின் சிவப்புச் சாயலோடுதான் பிரகாசமாகும். பளபளப்புக்குத் தேவை விளக்கின் வெள்ளை. எனவே அதற்கு மேல் Screen முறையில் ஒரு காலி லேயர் போட்டு, இடப்பாதியின் பட்டையிலிருந்து நிறத்தை எடுத்தேன். பட்டையின் உச்சியிலிருந்து எடுக்கவில்லை. அது உதட்டோடு கரையும் ஓரத்திலிருந்து எடுத்தேன். 3 சதவீத ஃப்ளோவில் ஒரே ஒருமுறை தடவினேன். அங்கிருந்த சிவப்பு வெளுத்து, ஈரம் போலத் தெரிந்தது.

எங்கே நிறுத்துவது? சாஃப்ட்பாக்ஸ் இடப்பக்கம் இருந்தது. ஆகவே பட்டை இடமிருந்து வலமாகப் போகப் போக அடங்க வேண்டும். வலப்பாதியின் எந்த இடமும் இடப்பாதியின் உச்சியை எட்டக் கூடாது. மூக்கின் நுனியிலுள்ள ஒளி இன்னொரு அளவுகோல். லிப்ஸ்டிக் மேட் வகை என்பதை முகத்தின் மற்ற ஒப்பனையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூக்கைவிட உதடு மின்னினால் அது லிப் கிளாஸ் பூசிய உதடாகிவிடும். அந்தப் பெண் வேண்டாம் என்றது அதைத்தான்.

நிறமும் சமனும்

நிற வேலையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிற லேயர் பளபளப்பைத் தொடாமல் இருக்க Blend If பயன்படுத்துவேன். லேயரின் Layer Style பெட்டியில் Underlying Layer பட்டையின் வெள்ளை முனையை Alt அழுத்திப் பிளந்து, 180, 225 என்ற இரு இடங்களில் வைத்தேன். கீழே 180-க்குள் இருக்கும் இடமெல்லாம் நிறத்தை முழுதாக ஏற்கும். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து, 225-ஐத் தாண்டிய இடத்தில் நிறம் ஏறவே ஏறாது. செதில்கள் அப்படியே இருக்கும்போது இதைச் செய்தால், வெளிறிய செதில்களின் உச்சிகளும் இந்த விலக்கைப் பெற்று நிறம் குன்றி நிற்கும். சுற்றிலும் நிறம் ஏறியதால் முன்பைவிட எடுப்பாகவும் தெரியும். அதனால்தான் முதலில் செதில், பிறகு நிறம்.

நிறத்தில் இரண்டே குறைகள். கீழுதட்டின் உள்பகுதியில் லிப்ஸ்டிக் தேய்ந்து உதட்டின் இயல்பான பழுப்பு ரோஸ் வெளியே வந்திருந்தது, ஓரத்தில் மட்டும் வளையம் போல லிப்ஸ்டிக் மிஞ்சியிருந்தது. வலது கடைவாயில் ட்யூப் லைட்டின் நீலம் படிந்திருந்தது.

முதல் குறைக்கு Color முறையில் ஒரு லேயர். தேயாத இடத்தில் நிறம் எடுத்தேன், 164, 78, 80. தேய்ந்த பகுதியில் மென்மையான பிரஷால் பூசி, ஒப்பாசிட்டியை 25-க்குக் கொண்டுவந்தேன். வளையம் மறையும் அளவுக்கு அது போதும். தேய்ந்த இடம் இன்னும் கொஞ்சம் வெளிர்ந்துதான் இருந்தது. காலையில் பூசிய லிப்ஸ்டிக் முகூர்த்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவதற்கு Curves. இடது கடைவாய் 126, 68, 66. வலது 118, 66, 78. நீலத்தைச் சற்று இறக்கி, சிவப்பைத் துளி ஏற்றி, மாஸ்க்கில் அந்த ஓரத்தை மட்டும் திறந்தேன். 124, 66, 69 வரை வந்ததும் நிறுத்தினேன். வலப்பக்கக் கன்னத்திலும் அந்த நீலத்தின் சாயல் கொஞ்சம் இருப்பதால், உதட்டில் மட்டும் அதை முழுதாகத் துடைத்தால் உதடு முகத்திலிருந்து பிரிந்து நிற்கும்.

மேலுதடு கீழுதட்டைவிடக் கறுப்பாக இருந்தது. இதை நான் தொடவில்லை, தொடவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மேலிருந்து வரும் ஒளி அதில் குறைவாகவே படும். நம் ஊர் முகங்களில் மேலுதட்டுக்கு இயல்பிலேயே கருமை கூடுதலாக இருப்பதும், உதட்டின் எல்லையில் ஒரு கருங்கோடு இருப்பதும் சாதாரணம். இரண்டு உதடுகளையும் ஒரே நிறமாக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. செய்து பார்த்தால் வாயின் உருட்சியே போய், தாளில் வெட்டி ஒட்டிய சிவப்பு வில்லையாக நிற்கும்.

வடிவச் சமனும் அதே கதை. மேலுதட்டின் இரண்டு மேடுகளில் இடது மேடு மயிரிழை உயரம். Liquify-யில் ஒரு நொடி வேலை. ஆனால் அந்த இழுப்பில் ரேகைகளின் சாய்வும் ஒளியின் இடமும் சேர்ந்து நகரும், அதைவிட முக்கியமாக அது அவளுடைய முகம். வலது கடைவாயில் எல்லை தாண்டி வழிந்திருந்த லிப்ஸ்டிக்கை மட்டும் பக்கத்துத் தோலால் குளோன் செய்து எடுத்தேன். அதிலேயே வாய் நேரானது. வீட்டார் ‘கோணல்’ என்று குறித்து அனுப்பியிருந்தது அந்த வழிசலைத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

சரிபார்த்தலும் அச்சும்

எல்லா லேயர்களையும் ஒரே குரூப்பில் போட்டு, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தாழ்வு திருப்பினால் தெரியும். இங்கே பளபளப்பின் வலப்பக்க முனை திடீரென்று அறுந்து நிற்பது தெரிந்தது. மாஸ்க்கில் அதைக் கரைத்தேன். பிறகு குரூப்பின் ஒப்பாசிட்டியை 85-க்கு இறக்கினேன். மணிக்கணக்கில் உதட்டையே பார்த்த கண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் செய்திருக்கும்; அந்தக் கூடுதலைக் கழிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கூறைப்பட்டு ஒரு பொல்லாத சாட்சி. அவ்வளவு அடர்ந்த சிவப்பு பக்கத்தில் இருக்கும்போது எந்த உதடும் சோகையாகத்தான் தெரியும், நிறத்தைக் கூட்டு கூட்டு என்று கை துடிக்கும். நான் புடவையை மறைத்து, நெற்றியிலிருந்து தாடை வரை மட்டும் திரையில் வைத்து உதட்டின் நிறத்தை முடிவு செய்தேன். தாடையின் அடியில் புடவையின் சிவப்பு எதிரொளித்துக் கொஞ்சம் படிந்திருந்தது. அதை அப்படியே விட்டேன். அது அந்த அறையின் உண்மை.

முழுப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்புமுன், உதடும் கன்னமும் வரும் ஒரு துண்டை மட்டும் ஆல்பத்தின் அதே அளவில் வெட்டி, அதே தாளில் லேப்பில் ஒரு சிறு பிரின்ட் போட்டு வாங்கினோம். திரையில் சரியாக இருந்த சிவப்பு தாளில் கனத்து விழுந்தது. உதட்டு மாஸ்க்கோடு ஒரு Hue/Saturation லேயர் சேர்த்து, செறிவை 6 அளவு குறைத்தேன். பளபளப்பிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆல்பத் தாளுக்கு மேல் மினுமினுப்பு லேமினேஷன் வரும். அது தன் பங்குக்குப் பிரதிபலிக்கும். Screen லேயரைப் பாதியாக்கினேன். திரையில் அது போதாததுபோல் இருந்தது, தாளில் சரியாக வந்தது.

இந்த முறை எங்கே பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பளபளப்பு 255, 255, 255 என்று முழுதாக வெளுத்துப் போயிருந்தால் அதற்குள் ரேகையே இருக்காது. ரா கோப்பிலும் மீளாவிட்டால் அந்த வெள்ளையைச் சிறிதாக்கலாமே தவிர உயிரூட்ட முடியாது. வாட்ஸ்ஆப்பில் வந்த 8 பிட் ஜேபெக்கில் நீலச் சேனல் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், அங்கே செதிலையும் ஒளியையும் பிரிக்கும் சோதனை ஏமாற்றும். சிவப்புச் சேனல் 255-இல் முட்டி நிற்கும் படங்களில் உதட்டின் உருட்சி பச்சைச் சேனலில்தான் மிஞ்சியிருக்கும். அங்கே நிறத்தைத் தொடுமுன் ரா நிலையில் சிவப்பை அடக்கியாக வேண்டும்.

பக்கம் சரியாக வந்தபின் அண்ணன் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “அதே அறையில் எடுத்த மற்ற படங்கள் இருக்கின்றனவே தம்பி, அடுத்த பக்கத்தில் உதடு பழையபடி இருந்தால் என்ன செய்வது?” அதற்காக அந்த வரிசைப் படங்களையும் எடுத்தேன். முகம் பெரிதாக வரும் இரண்டில் செதில் லேயரையும் நிற லேயரையும் அந்தந்தப் படத்திலேயே புதிதாகச் செய்தேன்; ஒரு படத்து உதட்டை இன்னொரு படத்துக்கு நகலெடுப்பதில்லை, தலை சாய்ந்த கோணம் மாறினாலே ஒளி மாறிவிடும். தோழிகளோடு நிற்கும் படங்களில் வாயின் அகலம் 150 பிக்சலுக்குள்தான் இருந்தது. அந்த அளவில் செதிலும் தெரியாது, வெடிப்பும் தெரியாது. லிப்ஸ்டிக் வளையத்தை மட்டும் Color லேயரால் அடக்கி, கடைவாயின் நீலத்தை எடுத்து, பளபளப்பைத் தொடாமல் அனுப்பினேன்.